கழற்றாத தாலி, அவிழ்க்காத கயிறு: டர்பன் விமான நிலையச் சோதனையைக் கடக்கும் முறை

சாட்ஸ்வொர்த்திலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ கிளம்பி, கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறி, துபாயில் மாறி, சென்னையில் இறங்குபவர்களுக்காக எழுதியது இது. இந்தப் பயணத்தில் போகும்போது இரண்டு சோதனை, வரும்போது இரண்டு சோதனை. பெரும்பாலான நகைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடலாம், அதில் சிக்கல் இல்லை. தாலி, பூணூல், விரதக் காப்பு, தாயத்து, முக்காடு ஆகியவற்றைக் கழற்ற மனம் வராது. அவற்றை உடம்பில் வைத்துக்கொண்டே எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

தடுமாறுபவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எதைக் கழற்றுவது, எதைக் கழற்றுவதில்லை என்ற முடிவைச் சோதனை வரிசையில் நின்றுகொண்டு எடுக்கிறார்கள். அந்த முடிவு முந்தின நாள் இரவே எடுக்க வேண்டியது.

1. முந்தின இரவு: மூன்று குவியல்

போட்டுக்கொள்ள நினைக்கும் நகைகளையெல்லாம் ஒரு துண்டை விரித்து அதன் மேல் பரப்புங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், எந்த நிலையிலும் கழற்றாதவை. தாலி, மெட்டி, பூணூல், கட்டிய காப்பு இதில் வரும். இந்தக் குவியல் சின்னதாக இருக்க வேண்டும். எட்டுப் பொருளைக் காட்டி எட்டும் புனிதம் என்று சொன்னால் எதிரில் நிற்பவருக்கு நம்பிக்கை வராது. இரண்டோ மூன்றோ என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டாவது, சுலபமாகக் கழற்றக்கூடியவை. நெக்லஸ், ஜிமிக்கி, மோதிரம், கொலுசு, ஒட்டியாணம். இவற்றைப் போட்டுக்கொண்டே விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். வீட்டிலேயே ஒரு ஜிப் பையில் போட்டு, அந்தப் பையைக் கைப்பையின் உள்ளறையில் வையுங்கள். நகையைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. பெட்டி கையை விட்டுப் போன பிறகு யார் திறந்தார்கள் என்று நிரூபிக்க முடியாது.

மூன்றாவது, கழற்றலாம் என்று நினைத்து, கழற்ற வராதவை. வயதானவர்களின் கெட்டி வளையல்தான் இதில் முக்கியமானது. கை வீங்கி, முட்டியைத் தாண்டி வராது. சோப்புத் தண்ணீர் போட்டு இரவே கழற்றிப் பாருங்கள். வரவில்லையா, முதல் குவியலில் சேர்த்துவிடுங்கள். சோதனை மேசையில் நின்று இழுத்தால் கை இன்னும் வீங்கும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பதற்றம் தொற்றும்.

சின்ன வேல், சூலம் போன்ற கூர்மையான பொருள் எதுவானாலும் கைப்பையில் வைக்காதீர்கள். பூஜைப் பொருளாக இருந்தாலும் அது முனை உள்ள உலோகம்தான், செக்-இன் பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு வேலையும் இதோடு சேர்ந்தது. விலை உயர்ந்த நகையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதானால், புறப்படுமுன் சுங்க அலுவலரிடம் காட்டி டி.ஏ. 65 என்ற படிவத்தில் பதிந்துகொள்ளலாம். திரும்பும்போது இது வெளியே வாங்கியதா என்ற கேள்விக்கு அதுதான் பதில். நகையை எடுத்துக் காட்டவேண்டி இருப்பதால், அந்த ஜிப் பை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள்.

2. கதவு எதைப் பார்க்கிறது, ஸ்கேனர் எதைப் பார்க்கிறது

இரண்டும் வேறு வேறு கருவி. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் "பூணூலில் இரும்பே இல்லையே, ஏன் சத்தம் போட்டது?" என்ற கேள்வி வருகிறது.

நடந்து கடக்கும் உலோகக் கதவு காந்தத் துடிப்பை அனுப்பி, அதனால் உலோகத்தில் ஓடும் மின்னோட்டத்தை உணர்கிறது. காந்தத்தில் ஒட்டாத தங்கமும் வெள்ளியும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை, அதனால் அவையும் மாட்டும். இங்கே எடையை விட வடிவம் முக்கியம். முழு வட்டமாக மூடிய கெட்டி வளையலில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றும், சத்தம் வரும். மெல்லிய சங்கிலியில் கண்ணிகள் ஒன்றோடொன்று லேசாகத்தான் தொடுகின்றன, அதனால் அதே எடையானாலும் பல நேரம் சத்தமே வராது. ஐந்து பவுன் தாலிக்கொடி, அதாவது 40 கிராம், அமைதியாகக் கடந்துபோக, இரண்டு பவுன் வளையல் சத்தம் போடுவது இதனால்தான்.

உடல் ஸ்கேனர் வேறு மாதிரி. உள்ளே நின்று கையைத் தூக்கினால் மில்லிமீட்டர் அலை துணியைத் தாண்டி உடம்பில் பட்டுத் திரும்பும். உலோகமா, பருத்தியா, மஞ்சள் கிழங்கா என்று அதற்குத் தெரியாது. உடம்போடு ஒட்டாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். திரையில் உங்கள் உருவம் வராது. எல்லாருக்கும் பொதுவான ஒரு பொம்மைப் படம் வரும், சந்தேக இடத்தில் ஒரு கட்டம் விழும். கொசுவ மடிப்பு, கொண்டை, தடித்த முடிச்சு எல்லாம் கட்டமாகலாம்.

கதவு சில சமயம் காரணமே இல்லாமலும் சத்தம் போடும். சிலரைக் குலுக்கல் முறையில் நிறுத்தும்படி அதை அமைத்திருப்பார்கள். சேலை கட்டியதால் நிறுத்தினார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

3. சேலையிலும் கூந்தலிலும் ஒளிந்திருப்பவை

தாலியை நினைத்துப் பயப்படுபவர்கள் ஊக்குகளை மறந்துவிடுகிறார்கள். தோளில் ஒன்று, கொசுவத்தில் இரண்டு, முந்தானை நழுவாமலிருக்க ஒன்று, உள்பாவாடையில் பாதுகாப்புக்கு இன்னொன்று. இவை எல்லாம் இரும்பு, இரும்பைக் கதவு விடாது. பயணத்தன்று ஊக்கை ஒன்றோ இரண்டோ ஆகக் குறையுங்கள், எங்கே குத்தியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். "இடது இடுப்பில் ஒரு பின்" என்று சொல்லத் தெரிந்தால் சோதனை பாதியாகக் குறையும்.

கூந்தலில் யூ வடிவ ஊசிகள் இருபது செருகிக் கொண்டை போட்டால், கதவிலும் மாட்டும், ஸ்கேனரிலும் மாட்டும், கடைசியில் விரலால் கொண்டையை அமுக்கிப் பார்ப்பார்கள். பின்னல் போட்டு ரப்பர் பேண்டு கட்டுவதே நல்லது. சவுரி வைப்பவர்கள் உலோகக் குஞ்சலம் இல்லாத சவுரியை வைக்கட்டும். மல்லிகைச் சரம் வைக்கத் தடையில்லை, ஆனால் சரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க வாய்ப்பு உண்டு.

காலணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்டி தனியாகச் சத்தம் போடுவது குறைவு. அடிப்பாகத்தில் தகடு வைத்த செருப்போடு சேரும்போது கால் பக்கத்து விளக்கு எரியும், பழி மெட்டிக்கு வரும்.

4. கதவுக்கு முன்னால் சொல்ல வேண்டியது

முழு வழிகாட்டியிலும் இதைத்தான் முக்கியமாகச் சொல்வோம். கழற்றாத பொருளைப் பற்றிக் கதவைக் கடப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சத்தம் வந்த பிறகு சொன்னால் அது சமாதானம் மாதிரி இருக்கும். முன்னாலேயே சொன்னால் அது தகவல். சொற்கள் அதேதான், கேட்பவர் எடுத்துக்கொள்ளும் விதம் மாறிவிடும்.

மூன்று துண்டாகச் சொல்லுங்கள். என்ன பொருள், எங்கே இருக்கிறது, நீங்கள் சோதித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இவ்வளவு போதும்: "மேம், ஐ ஆம் வேரிங் மை மேரேஜ் செயின், ஹியர். ஐ டோன்ட் டேக் இட் ஆஃப். யூ கேன் செக் இட்." "ஹியர்" என்னும்போது கழுத்தைக் கையால் சுட்டினால் போதும். சங்கிலியை வெளியே இழுத்துக் காட்ட வேண்டாம்.

கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். "கழற்ற மாட்டேன்" என்பதோடு நிறுத்தினால் மறுப்பு. "நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்" என்று சேர்த்தால் அவருடைய வேலைக்கு வழிவிட்டதாகிவிடும்.

டர்பனில் சோதனை மேசையில் நிற்கும் பெண் பெரும்பாலும் சூலு பேசுபவராக இருப்பார். "சவுபோனா" என்று வணக்கம் சொல்லித் தொடங்கினால் முகம் இளகும். விரதக் காப்பை விளக்க அவர்களிடமே ஒரு சொல் இருக்கிறது: இசிபாண்ட்லா. முன்னோருக்குப் பலியிட்ட ஆட்டின் அல்லது மாட்டின் தோலைக் கையில் கட்டிக்கொள்வார்கள், விருப்பம்போல அறுத்துப்போட மாட்டார்கள். மஞ்சள் கயிற்றைக் காட்டி "லைக் இசிபாண்ட்லா" என்றால் அரை நிமிடப் பிரசங்கம் மிச்சம்.

5. ட்ரேயில் வைக்கும் வரிசை

முதலில் போன், சாவி, கண்ணாடிக் கூடு, பெல்ட். பிறகு குளிருக்குப் போட்ட கோட். கடைசியில் கைப்பை. அந்தக் கைப்பைக்குள்தான் நகை ஜிப் பை இருக்கிறது. அதைத் திறந்து ட்ரேயில் தனியாக வைக்காதீர்கள். மோதிரம் ட்ரேயின் மூலையில் ஒட்டிக்கொண்டு அடுத்தவரோடு போய்விடும், தோடு ரோலர் இடுக்கில் விழும். எக்ஸ்ரேயில் பையோடு போனாலும் நகை நன்றாகவே தெரியும், திறந்து காட்டச் சொன்னால் அப்போது காட்டலாம்.

கைப்பை எக்ஸ்ரே சுரங்கத்துக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கதவை நோக்கி நடங்கள். பை வெளியே கிடக்க நீங்கள் மறுபக்கம் போய், அங்கே உங்களை நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தால், பை யாருடைய கண்ணிலும் இல்லாத பொருளாகிவிடும். இருவராகப் போனால் நகை உள்ள பையை வைத்திருப்பவர் இரண்டாவதாகக் கடக்கட்டும். முதலில் கடந்தவர் மறுமுனையில் நின்று பையை எடுத்துக்கொள்வார்.

6. கடக்கும்போது

சாதாரண நடை போதும். ஓரத்தில் இடிக்காமல் நடுவில் போங்கள். கைகளைத் தொங்கவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. தாலி சத்தம் போட்டுவிடுமோ என்று முந்தானைக்குள் கையை விட்டு அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். சத்தம் அதனால் குறையாது. கையில் வளையலும் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து சத்தம் கூடவும் கூடும். பார்ப்பவர் கண்ணுக்கோ துணிக்குள் எதையோ ஒளிக்கும் கையாகத்தான் தெரியும்.

ஸ்கேனர் என்றால், முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். தொங்கும் துணி அசைந்தால் படம் கலங்கும், மறுபடி நிற்கச் சொல்வார்கள். தரையில் வரைந்த பாத அடையாளத்தில் நின்று, சொல்கிற மாதிரி கையைத் தூக்கி, சில விநாடி அசையாமல் இருந்தால் முடிந்தது.

7. கையால் தடவிப் பார்க்கும்போது

பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும்தான் சோதிக்க வேண்டும். பக்கத்தில் பெண் அதிகாரி இல்லையென்றால் "ஐ வில் வெயிட் ஃபார் அ லேடி" என்று சொல்லி ஒதுங்கி நில்லுங்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை.

தொடுவதற்கு முன் மூன்று காரியம் கேட்கலாம். தனியறை வேண்டும். கூட வந்தவர் உடன் இருக்கட்டும். எங்கே தொடப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மூன்றையும் தொடங்குமுன் கேளுங்கள். பாதியில் கேட்டால் சோதனையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பொதுவான வரிசை இது: தோள், கை, முதுகு, பக்கவாட்டு, இடுப்புக் கட்டு, கால். மார்பு, இடுப்புக்குக் கீழ் போன்ற இடங்களில் புறங்கையால் தொடுவது பல நாடுகளிலும் வழக்கம். சேலையில் நேரம் பிடிப்பது இடுப்பு. கொசுவம் செருகிய இடத்தில் ஏழெட்டு மடிப்பு ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது, உள்ளே பாவாடை நாடா முடிச்சு, அதற்கும் உள்ளே அரைஞாண். கை அங்கே நிற்பது இயல்பு. "நாட் ஆஃப் த அண்டர்ஸ்கர்ட்" என்று சொன்னாலே நகர்ந்துவிடுவார்.

உங்கள் பங்குக்கு இரண்டே விதி. அவர் கை இருக்கும் இடத்துக்கு உங்கள் கை போகக்கூடாது. அவர் கேட்காமல் எந்தத் துணியையும் நீங்களே விலக்கக்கூடாது. உதவுகிறோம் என்று நினைத்து அவசரமாகத் தாலியை வெளியே இழுப்பவர்கள் உண்டு. திடீரென்று உடைக்குள் போகும் கையைப் பார்த்ததும் அதிகாரி பின்வாங்கி, குரலை உயர்த்துவார். "ஷால் ஐ ஷோ யூ?" என்று கேட்டு, தலையசைத்த பிறகு மெதுவாக எடுங்கள்.

கூச்சம் வந்தால் பல்லைக் கடிக்காமல் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். உடம்பு விறைத்தால் தடவிப் பார்ப்பது கடினமாகும், நேரமும் நீளும். வேடிக்கைப் பேச்சு வேண்டாம். வெடிகுண்டு என்ற சொல்லை எந்த மொழியிலும் நகைச்சுவையாகக்கூட எடுக்காதீர்கள், பயணம் அங்கேயே நின்றுவிடும்.

8. பூணூல், காப்பு, தாயத்து

பூணூல் பருத்தி, கதவுக்குத் தெரியாது. ஆனால் சட்டைக்கு மேல் தடவும் விரலுக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு ஒரு கோடு தட்டுப்படும். நம் வழக்கம் தெரியாதவருக்கு அது உள்ளே தொங்கும் பையின் வார் போலத்தான் இருக்கும். "சேக்ரட் த்ரெட், காட்டன்" என்று தொடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் முடிந்தது. காட்டச் சொன்னால் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து தோள்பக்க இழையைக் காட்டுங்கள், முழுவதையும் இழுக்க வேண்டாம்.

ஆனால் பூணூலில் பெட்டிச் சாவி, ஊக்கு, மோதிரம் எல்லாம் கோத்துப் போட்டிருப்பவர்கள் உண்டு. பருத்தி நூல் என்று சொன்ன மறுகணம் கருவி கூவினால் சொன்ன சொல் பொய்யாகிவிடும். வீட்டிலேயே அவற்றை எடுத்துவிடுங்கள்.

விரதக் காப்பில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தால் அது ஒரு புடைப்பு. ஸ்கேனரில் கட்டம் விழலாம். மணிக்கட்டில் வெளியே தெரிவதால் பெரும்பாலும் கண்ணால் பார்த்து விட்டுவிடுவார்கள். சட்டைக் கையை மடித்து, தெரியும்படி வைத்திருங்கள். தைப்பூசக் காவடிக்குக் காப்புக் கட்டிவிட்டுப் பயணம் செய்பவர்களுக்கும் இதேதான்.

இவற்றில் கடினமானது தாயத்து. வெள்ளியோ செம்போ சுருட்டிய குழல், இரண்டு பக்கமும் மூடி, சில நேரம் அரக்கு வைத்து அடைத்தது, இடுப்பில் துணிக்கு அடியில். உலோகம், உள்ளே கூடு, கண்ணுக்குத் தெரியாத இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த அதிகாரியும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். இதைப் பற்றி எங்கள் கருத்து நேரானது: பயணத்துக்காகத் தாயத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கழுத்துக் கயிற்றிலோ புஜத்திலோ கட்டிக்கொள்ள உங்கள் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் அப்படிச் செய்யுங்கள். புஜத்தில் இருந்தால் துணியை விலக்காமல் பார்த்துவிடலாம். திறக்கச் சொன்னால், "ஸீல்டு, ப்ரேயர் இன்சைட், ப்ளீஸ் எக்ஸ்ரே இட்" என்று சொல்லுங்கள். கயிற்றோடு கழற்றி ட்ரேயில் வைத்து எக்ஸ்ரேயில் அனுப்பினால் உள்ளிருப்பது சுருட்டிய தகடுதான் என்று தெரிந்துவிடும். கழற்றுவதா, திறப்பதா என்று வந்தால், கழற்றுவதே சிறிய இழப்பு.

9. தலையை மூடியிருப்பவர்கள்

முக்காடு, தொழுகைத் தொப்பி, தலைப்பாகை, மொட்டை போட்ட தலைக்குக் கட்டிய துணி எல்லாவற்றுக்கும் நடைமுறை ஒன்றுதான். வழக்கத்துக்காக அணியாத சாதாரணத் தொப்பி என்றால் கழற்றி ட்ரேயில் வைத்துவிடுங்கள்.

மதத்துக்காக அணிந்ததென்றால் முதலில் கேட்க வேண்டியது, "கேன் ஐ பேட் இட் மைசெல்ஃப்?" என்பது. பல விமான நிலையங்களில் உங்கள் கையாலேயே தலைத்துணி முழுவதையும் அமுக்கிக் காட்டச் சொல்வார்கள். பிறகு அந்தக் கையை ஒரு சிறு துணிப்பட்டையால் துடைத்து வெடிமருந்துத் துகள் காட்டும் கருவியில் போடுவார்கள். நெற்றியிலிருந்து பிடரி வரை, காதுப் பக்கங்களையும் சேர்த்து அழுத்தமாகத் தடவுங்கள். ஒப்புக்குத் தட்டினால் மறுபடி செய்யச் சொல்வார்கள்.

இந்தத் துடைப்புச் சோதனையில் தவறான எச்சரிக்கை வருவதும் உண்டு. கிளிசரின் கலந்த கை க்ரீம், தோட்டத்து உரம் ஆகியவை காரணமாகலாம். கிளம்பும் நாளில் உரத்தைத் தொடாதீர்கள், க்ரீம் பூசாதீர்கள். எச்சரிக்கை வந்தால் பையைத் திறந்து பார்ப்பார்கள், ஒருமுறை முழுதாகத் தடவுவார்கள், விடுவார்கள். "மார்னிங் ஐ யூஸ்ட் ஹேண்ட் க்ரீம்" என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

துணியை அவிழ்த்தே பார்க்க வேண்டுமென்றால், தனியறையில், உங்கள் பாலினத்தவர் முன்னால் மட்டும். திரும்பக் கட்டக் கண்ணாடி கேளுங்கள். முக்காட்டுக்குக் காந்தப் பின் வைப்பவர்கள் அன்றைக்கு மட்டும் சாதாரணப் பின்னுக்கு மாறுங்கள், அதுவும் ஒன்றே.

10. ஒரு பயணியை எடுத்துக்கொள்வோம்

62 வயது அம்மா. தாலிக்கொடி, கழற்ற வராத இரண்டு தங்க வளையல், மெட்டி, மூக்குத்தி. கொசுவத்தில் இரண்டு ஊக்கு. வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சையில் வைத்த உலோக மூட்டு.

வரிசையில் முன்னால் போனதும் மூன்று விஷயம் சொல்கிறார்: கழுத்தில் கல்யாணச் சங்கிலி, வளையல் கழற்ற வராது, முழங்காலில் மெட்டல். கதவைக் கடக்கிறார், சத்தம். கதவின் பக்கவாட்டு விளக்குகளில் முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் எரிகிறது. கையைத் தொங்கவிட்டதால் வளையலும் இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, இடுப்பு விளக்குக்கு வளையலா, ஊக்கா என்று தெரியவில்லை.

அதிகாரி கைக்கருவியை எடுக்கிறார். அம்மா கையை அகலமாக நீட்டுகிறார். மணிக்கட்டில் கூவுகிறது, வளையல் கண்ணுக்குத் தெரிகிறது, அது முடிந்தது. கழுத்தில் கூவுகிறது, கேட்டுவிட்டுச் சங்கிலியை எடுத்துக் காட்டுகிறார், முடிந்தது. முழங்காலில் கூவுகிறது, கையால் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறார். இடுப்பின் இடதுபக்கம் கூவுகிறது. இங்கேதான் அம்மாவுக்கு ஊக்கு நினைவுக்கு வர வேண்டும். "டூ சேஃப்டி பின்ஸ்" என்று சொல்லிவிட்டால் அங்கே தொட்டு உறுதி செய்து அனுப்புவார். நினைவுக்கு வரவில்லையென்றால், விளக்கம் இல்லாத ஒரு சத்தம் மீதி நிற்கும். அந்த ஒன்றுக்காகத் தனியறை வரை போக வேண்டியிருக்கும்.

கவனித்தால், தாலி இங்கே ஒரு சிக்கலையும் உண்டாக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் கிடைக்கிறதா என்பதுதான் அதிகாரி தேடுவது.

மறுபக்கம் போனதும் பையை எடுத்துக்கொண்டு பெல்ட் அருகிலேயே நிற்காமல், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜிப் பையைத் திறந்து எண்ணுங்கள். குறைந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். கேட் வரை போய்விட்டுத் திரும்பினால் ட்ரே பத்துப் பேர் கைக்கு மாறியிருக்கும்.

11. "கழற்றித்தான் ஆக வேண்டும்" என்றால்

எதிர்த்துப் பேசுமுன் மாற்று வழி கேளுங்கள். கைக்கருவி, கண்ணால் பார்ப்பது, துடைப்புச் சோதனை, தனியறை என்ற வரிசையில். அதுவும் ஆகாதென்றால் "மே ஐ ஸ்பீக் டு த சூப்பர்வைசர்?" என்று கேளுங்கள். கீழ்மட்ட அதிகாரிக்கு விதியைத் தளர்த்த அதிகாரம் இருக்காது, மேற்பார்வையாளருக்கு மாற்று முறையைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் டர்பன் பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்தி வழக்கில், கட்டாயமில்லாத, விரும்பிப் பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. நம்மவர்கள் பலர் அதை விமான நிலையத்தில் எடுத்து நீட்டப் பார்க்கிறார்கள். அது பள்ளிச் சீருடை பற்றியது, சோதனையிலிருந்து விலக்குத் தராது. அணிய உரிமை உண்டு, சோதிக்க அதிகாரிக்குக் கடமையும் உண்டு. சோதனைக்கு முழுதாக மறுத்தால் உள்ளே விடமாட்டார்கள், விமானமும் காத்திருக்காது.

நடத்தை முறைகேடாக இருந்தால் அங்கே சண்டை வேண்டாம். நேரம், எந்த வரிசை, அதிகாரியின் பெயர்ப்பட்டை எண், உடன் இருந்தவர் யார் என்று உடனே போனில் குறித்துக்கொள்ளுங்கள். விமான நிலைய நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் தாருங்கள். கேமராப் பதிவைக் காலவரையின்றி வைத்திருக்க மாட்டார்கள், அதனால் ஊர் திரும்பிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

12. துபாயிலும் சென்னையிலும்

துபாயில் விமானம் மாறும்போது மறுபடி சோதனை உண்டு. டர்பனில் கடந்தபின் நகையை எடுத்து மாட்டிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. எட்டு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து வந்ததில் விரலும் வீங்கியிருக்கும், போட்ட மோதிரம் கழறாது. ஜிப் பையைச் சென்னை போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள்.

திரும்பும்போது சென்னையில் சோதிப்பவர்கள் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர். பெண்களுக்குத் தனி வரிசை, திரை போட்ட சின்னக் கூண்டு, உள்ளே பெண் காவலர். கதவு சத்தம் போட்டாலும் போடாவிட்டாலும் கைக்கருவியை எல்லார் மேலும் ஓட்டுவார்கள், நம்மை மட்டும் நிறுத்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். சிறு மேடையில் ஏறிக் கையை விரித்து நின்று, சொன்னதும் திரும்ப வேண்டும். தமிழ்நாடுதானே என்று தமிழில் நீளமாக விளக்கத் தொடங்காதீர்கள், அந்தக் காவலர் பீகாரிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். தாலியைத் தொட்டு "மங்கள்சூத்ர" என்றால் போதும். டர்பனில் மூன்று வாக்கியம் பிடித்தது இங்கே ஒரு சொல்லில் முடியும்.